நீட் தேர்வில் உடலியங்கியல் வினாக்கள்: எதை விடுவது, எதைக் குறிப்பது?

நமது அறக்கட்டளையின் நீட் பயிற்சி வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர் எங்களிடம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். "மைனஸ் மார்க் இருக்கிறது, தெரியாததைத் தொடாதே என்று சொல்லி வையுங்கள்." அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிக்கப்படும், விட்டுவிட்டால் பூஜ்யம். நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 கிடைக்கும், மூன்று தவறாகி 3 போகும். மிச்சம் 1. இரண்டு விடைகளைத் தவறென்று நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், அதே நான்கு வினாக்களில் 8 வந்து 2 போய் 6 மிஞ்சும். ஐந்தில் ஒன்றாவது சரியாக இருந்தால் நட்டமில்லை.

அப்படியானால் மதிப்பெண் எங்கே போகிறது? அரைகுறையாகத் தெரிந்த இடத்தில்தான். வினாத்தாள் தயாரிப்பவர் மூன்று தவறான விடைகளையும் ஏனோதானோவென்று எழுதுவதில்லை. பாதி படித்த பிள்ளையின் கண் எங்கே போகும் என்று பார்த்து எழுதுகிறார். அந்த இடத்தில் நம் வாய்ப்பு நான்கில் ஒன்றைவிடவும் குறைந்துபோகிறது.

வகுப்பில் நாங்கள் கொடுத்த ஒரு வினாவைப் பாருங்கள். சிறுநீரகத்தில் கிளாமருலஸுக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறையும்போது ரெனின் சுரக்கிறது. இதைத் தொடர்ந்து நடப்பது எது? (1) ஆஞ்சியோடென்சின் ரத்தக்குழாய்களை விரிவடையச் செய்யும். (2) அட்ரினல் மெடுல்லா ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும். (3) அட்ரினல் கார்டெக்ஸ் சுரக்கும் ஆல்டோஸ்டிரோனால் சோடியமும் நீரும் மீண்டும் உறிஞ்சப்படும். (4) இதயத்தின் மேலறைகள் சுரக்கும் ஏ.என்.எஃப். ரத்தக்குழாய்களை விரிவடையச் செய்யும்.

விடைகளைப் படிக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இப்போது உடலுக்கு என்ன தேவை? அழுத்தம் குறைந்திருக்கிறது, அதை ஏற்ற வேண்டும். குழாய் விரிந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும். ஆகவே முதல் விடையும் நான்காவது விடையும் போய்விட்டன. நான்காவதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாந்தார்கள். ஏனென்றால் ஏ.என்.எஃப். குழாய்களை விரிப்பது உண்மைதான், புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அது நடப்பது அழுத்தம் ஏறும்போது. வாக்கியம் உண்மையாக இருப்பது வேறு, கேட்ட கேள்விக்கு அது விடையாக இருப்பது வேறு.

மீதி இரண்டில் இடம் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. மெடுல்லா சுரப்பது அட்ரினலின், நார் அட்ரினலின். ஆல்டோஸ்டிரோன் கார்டெக்ஸில் உருவாகும் ஸ்டீராய்டு. எனவே மூன்றாவது விடை சரி. இது நினைவுக்கு வராத பிள்ளையும் இந்த வினாவை விட்டுவிடக் கூடாது. இரண்டை நீக்கியாகிவிட்டதே!

உடலியங்கியலில் வரும் ஏமாற்று விடைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று வகைதான்: திசையைத் திருப்புவது, இடத்தை மாற்றுவது, வேறிடத்து உண்மையைக் கொண்டுவந்து வைப்பது.

எண்களிலும் இப்படி உண்டு. சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர், நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன. "நிமிடத்துக்கு 180 மில்லிலிட்டர்" என்று ஒரு விடை இருந்தால் பழகிய எண்ணாயிற்றே என்று கை அதில் போகும். 125ஐ 60ஆலும் 24ஆலும் பெருக்கிப் பார்த்தால் 1,80,000 வரும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். உடல் எந்த மாற்றத்தையும் எதிர்த்துச் சரிசெய்யும் என்ற விதி பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் அல்ல. பிரசவத்தில் கருப்பை சுருங்கச் சுருங்க ஆக்ஸிடோசின் மேலும் சுரக்கும். அது சுருக்கத்தை இன்னும் கூட்டும். குழந்தை வெளிவரும்வரை இது ஏறிக்கொண்டே போகும். அண்டம் வெளிப்படுவதற்கு முன் எல்.ஹெச். திடீரென உயர்வதும் இப்படித்தான். இந்த விதிவிலக்குகளைத் தனியே எழுதி வைத்துப் படித்தே ஆக வேண்டும்.

வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்ததற்கு 'உ', இரண்டில் ஒன்று என்று குறித்ததற்கு 'இ', குருட்டாம்போக்கில் குறித்ததற்கு 'கு'. திருத்தும்போது மூன்றையும் தனித்தனியே கூட்டுங்கள். 'இ' போட்ட 20 வினாக்களில் 10 சரியென்றால் 30 மதிப்பெண் லாபம். மூன்றுதான் சரியென்றால் 12 வந்து 17 போய் 5 நட்டம். அந்தப் பிள்ளை நீக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைக்க வேண்டியதை நீக்குகிறது என்று பொருள். 'உ' போட்டவற்றில் தவறு இருந்தால் அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் திறந்து, திசையா, இடமா, வேறிடத்து உண்மையா என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். நாலைந்து தேர்வுகளுக்குள் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தத் தாள்களை ஞாயிறு வகுப்புக்குக் கொண்டுவந்தால், ஆசிரியர் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பார்.