மறைத்த ஸ்லைடும் கைவசம் வைத்த ஸ்லைடும்

பவர்பாயிண்டில் ஒரு ஸ்லைடை அழிக்காமலே திரையில் வராதபடி செய்யலாம். Hide Slide என்பதை அழுத்தினால் இடப்பக்க வரிசையில் அதன் எண்மீது ஒரு கோடு விழும். காட்சி ஓடும்போது அது வராது, கோப்பில் இருக்கும். பேக்கப் ஸ்லைடு வேறு வகை. யாராவது கேட்டால் காட்டலாம் என்று ‘நன்றி’க்குப் பின்னால் அடுக்கி வைத்தவை அவை. ஒன்று சொல்ல வேண்டாம் என்று ஒதுக்கியது. மற்றது கேட்டால் சொல்லத் தயாராக வைத்தது. கோப்பைச் சுருக்கிப் புதியவர்களுக்குத் தரும்போது இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் குளிரூட்டும் நிலையம் அமைக்கத் தன் நிர்வாகக் குழுவுக்குக் காட்டிய கோப்பை எடுத்துக்கொள்வோம். இப்போது அதன் சுருக்கம் கடன் தரும் வங்கிக்குப் போக வேண்டும். 10ஆம் ஸ்லைடு செலவை 48 லட்சம் என்கிறது. மறைத்து வைத்த 9ஆம் ஸ்லைடில் 42 லட்சம். அது பழைய விலைப்புள்ளி. இதைக் கவனிக்காமல் சுருக்கினால் ஒரே தாளில் இரண்டு செலவு வந்து நிற்கும். மறைத்த 12ஆம் ஸ்லைடில் கடன் பாக்கி வைத்த உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியல். 9ஐ விட்டுவிட்டால் போதும்; 12 இருப்பதாகச் சுருக்கத்தில் குறிப்புகூட வரக்கூடாது. மறைத்ததற்கான காரணம் கோப்பில் எழுதியிருக்காது, ஆகவே தயாரித்தவரிடம் கேட்பதே வழி. கேட்க ஆளில்லையென்றால் மறைத்ததை எடுக்காமல் இருப்பதே சரி. ஆனால் படிக்காமல் இருக்கக் கூடாது: முரண்பாடு அங்கேதான் தெரியவரும்.

பேக்கப் ஸ்லைடுகளில் ஆபத்து நேர்மாறானது; விட்டுவிடுவதுதான் தவறாகும். முதலீடு மூன்று ஆண்டில் திரும்பிவிடும் என்கிறது 11ஆம் ஸ்லைடு. அதற்கான கணக்கு 18ஆம் ஸ்லைடில், ‘நன்றி’க்குப் பின்னால் இருக்கிறது: நாளொன்றுக்கு 4,000 லிட்டர் வரத்து, லிட்டருக்கு 1.10 ரூபாய் மிச்சம். ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் ஆகிறது. 48 லட்சத்துக்கு மூன்று ஆண்டு சரி. ஆனால் சங்கத்துக்கு இன்று வருவது 3,000 லிட்டர்தான். அந்த அளவில் ஆண்டுக்கு 12 லட்சமே மிஞ்சும், நான்கு ஆண்டாகும். குழு உறுப்பினர்களுக்கு இது தெரியும் என்பதால் யாரும் சொல்லவில்லை. வங்கிக்குத் தெரியாது. ‘மூன்று ஆண்டு’ என்ற வரியோடு ‘வரத்து 4,000 லிட்டராக உயர்ந்தால்’ என்ற நிபந்தனையும் சேர்ந்தே போக வேண்டும். முன்பக்கக் கூற்று எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பேக்கப் ஸ்லைடு சுருக்கத்தின் உள்ளே வரும். புதியவர்கள் முதலில் கேட்கக்கூடிய கேள்விக்கான பதிலும் அப்படியே. மின்வெட்டில் ஜெனரேட்டர் டீசலுக்கு ஆகும் செலவு அத்தகையது. இயந்திரத்தின் உதிரிபாகப் பட்டியலை யாரும் கேட்க மாட்டார்கள்.

சுருக்கத்தோடு மூலக் கோப்பையும் இணைத்து அனுப்பினால் இந்தத் தேர்வெல்லாம் வீண், ஏனென்றால் பெறுபவர் ஒரே சொடுக்கில் 12ஆம் ஸ்லைடைத் திறந்துவிடலாம். பிடிஎஃப் ஆக்கும்போதும் Options உள்ளே Include hidden slides தேர்வு நீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறைத்தவை விலகிய பிடிஎஃபில் பக்க எண்ணும் ஸ்லைடு எண்ணும் ஒத்துப்போகாது என்பதால், சுருக்கத்தில் ஸ்லைடுகளை எண்ணால் சுட்டாமல் தலைப்பால் சுட்டுவது நல்லது.