யாருக்கு, என்ன, எப்போது, யார் சொல்வது?

லண்டன் மாநகரின் அடியில் மொத்தம் 42 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து அமைத்த கிராஸ்ரெயில் பாதை, 2018 டிசம்பரில் திறக்கப்படுவதாக இருந்தது. அது நடக்காது என்ற அறிவிப்பு அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்றுதான் வந்தது. திறப்புக்கு நான்கு மாதம்கூட இல்லை! முதல் பயணிகள் ஏறியதோ 2022 மே 24-இல்.

பெரிய திட்டங்களில் தகவல் தொடர்புத் திட்டம் என்று ஒரு அட்டவணை இருக்கும். தகவல் யாருக்கு, என்ன தகவல், எத்தனை நாளைக்கு ஒருமுறை, யார் பொறுப்பு என்று நான்கு கட்டங்கள். சுரங்கத்துக்கு மேலே குடியிருப்பவருக்கு வேண்டியது, தன் வீட்டடியில் இயந்திரம் எப்போது வரும், இரவில் அதிர்வு இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது மட்டுமே. பணம் போட்ட அரசுக்கோ தேதியும் செலவும் முக்கியம். இருவருக்கும் ஒரே அறிக்கையை அனுப்பினால் இருவருமே படிக்கமாட்டார்கள்.

கிராஸ்ரெயிலில் சிக்கல் மேல்மட்டத்தில் இருந்தது. 2017 நவம்பரில் புட்டிங் மில் லேனில் மின்மாற்றி வெடித்து, சோதனை ஓட்டம் தள்ளிப்போனது. ஆனாலும் திறப்புத் தேதியை யாரும் தொடவில்லை. சோதனைக்கான நாட்களைத்தான் சுருக்கினார்கள். வேலை பின்தங்கும்போது கடைசித் தேதி மட்டும் அசையாமல் நின்றால், அந்த அறிக்கையைச் சந்தேகிக்கலாம்.

இந்தக் காலத்தில் அறிக்கைகள் போகாமலில்லை. வாராவாரம் போயின. கிராஸ்ரெயில் அனுப்பிய தகவல் நகரப் போக்குவரத்து அமைப்பு வழியாக மேயருக்குப் போனது. வழியில் அபாயங்களின் கடுமை குறைக்கப்பட்டது என்று லண்டன் பேரவையின் போக்குவரத்துக் குழு 2019-இல் சொன்னது. அமைப்பு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறமிருக்க, 'வாரம் ஒருமுறை' என்ற கட்டம் நிரம்பியிருந்தும் பயனில்லை என்பது தெரிகிறது.

ஆகவே இப்படிப்பட்ட அட்டவணையில் எங்கே கறாராக இருக்க வேண்டும்? 'என்ன தகவல்' என்ற கட்டத்தில் 'முன்னேற்ற அறிக்கை' என்று எழுதுவது வீண். 'முடியாமல் மீதமிருக்கும் சோதனைகள் எத்தனை, போன மாதம் எத்தனை' என்று எழுதினால் மழுப்ப இடம் குறையும். திறப்புத் தேதி நழுவும் அறிகுறி தெரிந்தால் அடுத்த அறிக்கை நாள்வரை காத்திருக்காமல் மறுநாளே சொல்ல வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். பொறுப்பாளர் கட்டத்தில் 'திட்டக் குழு' என்று போட்டால் யாரையும் கேட்க முடியாது. ஒரே ஒருவரின் பெயரும், அவர் விடுப்பில் போனால் பார்ப்பவர் பெயரும் வேண்டும். இடையில் இருப்பவர் தன் குறிப்பைத் தனித்தாளில் சேர்க்கட்டும். அனுப்பியவரின் மூல அறிக்கை ஒரு வரிகூட மாறாமல் அதோடு போகவேண்டும்.