கணினி செத்த நேரம்

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துக் கணினி அணைந்துபோகிறது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கிறது. பழுது பார்க்கிறவரை அழைத்தால், விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்புக் குறியோடு Critical என்று போட்டிருக்கும் ஒரு வரியைக் காட்டுவார். Kernel-Power, எண் 41. “விண்டோஸ் கெட்டுப்போச்சுங்க, ஃபார்மெட் பண்ணிடலாம்” என்பார். ஆனால், அந்த வரி அப்படி எதையும் சொல்லவில்லை.

கடைக்காரர் காலையில் பேரேட்டைத் திறக்கிறார். முந்தின நாள் கணக்கு முடிக்கப்படாமல், கூட்டுத்தொகை போடாமல் பாதியில் நிற்கிறது. ‘நேற்று முறையாகக் கடை அடைக்கவில்லை’ என்று அவரால் எழுத முடியும். ஏன் என்று எழுத முடியாது. எண் 41 இதைப் போன்றதுதான். செத்த கணினியால் எழுத முடியாது. மறுபடி உயிர் வந்த பிறகு விண்டோஸ், போன முறை ஒழுங்காக மூடப்படவில்லை என்பதைக் கண்டு இதை எழுதுகிறது. ஆகவே அதன் மேல் இருக்கும் நேரம் கணினி எழுந்த நேரம்.

செத்த நேரம் அதன் அருகிலேயே இன்னொரு பதிவில் இருக்கும். மூலம் EventLog, எண் 6008. விண்டோஸ் ஓடும்போது ‘இந்த நேரம் வரை உயிரோடிருந்தேன்’ என்று அவ்வப்போது குறித்து வைக்கிறது. அடுத்த முறை எழும்போது அந்தக் கடைசிக் குறிப்பை எடுத்து, இன்ன நேரத்தில் நடந்த மூடல் எதிர்பாராதது என்று எழுதுகிறது. இந்த நேரம் உண்மையான சாவுக்குச் சற்று முந்தியதாக இருக்கலாம். அதனால் அதற்கு முன் பதிவான கடைசி வரியின் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு கணக்கர் அலுவலகத்தில் ஒரு மேசைக் கணினி அடிக்கடி இப்படித் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மதர்போர்டை மாற்றலாம் என்ற யோசனைகூட வந்துவிட்டது. அதற்கு முன் பதிவேட்டைப் பார்த்தோம். விண்டோஸ் பொத்தானோடு R-ஐ அழுத்தி, வரும் கட்டத்தில் இதைத் தட்ட வேண்டும்:

```
eventvwr.msc
```

இடப்பக்கம் Windows Logs, அதற்குள் System. வலப்பக்கம் Filter Current Log. எண்களுக்கான கட்டத்தில் நாங்கள் இட்டது இது:

```
41,42,1001,1074,6006,6008
```

ஆயிரக்கணக்கான வரிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. முதலில் கழித்துக்கட்ட வேண்டியவை, சாவே அல்லாதவை. 1074 என்றால் யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது என்று பொருள். யார் என்பதும் அதிலேயே இருக்கும். 6006 என்றால் பதிவேடு ஒழுங்காக மூடப்பட்டது. “ராத்திரி தானா ஆஃப் ஆயிடுச்சு” என்று அந்த அலுவலகத்தில் சொன்ன ஒரு சம்பவம், இந்த இரண்டும் இருந்ததால், விண்டோஸ் அப்டேட்டின் வேலை என்று அங்கேயே முடிந்தது.

மிஞ்சியவை ஐந்து. ஐந்தும் எண் 41, ஐந்துக்கும் பொது விளக்கம் ஒரே வாசகம். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. வரியைச் சொடுக்கி Details தாவலுக்குப் போனால் EventData என்ற பகுதி வரும். அங்கே நிறைய எண்கள் இருந்தாலும் நமக்கு இரண்டு போதும்: BugcheckCode, PowerButtonTimestamp.

மூன்று பதிவுகளில் இரண்டுமே பூஜ்யம். விண்டோஸுக்குத் தன் சாவைப் பற்றி எதுவும் தெரியவில்லை, அதாவது நீலத்திரை காட்டக்கூட அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மின்சாரப் பக்கம் தேட வேண்டிய இடம் இது. அந்த மூன்றிலும் 6008 சொன்ன நேரத்துக்கும் கணினி எழுந்த நேரத்துக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. யாரும் பொத்தானைத் தொடவில்லை, தானே எழுந்திருக்கிறது. சூடு தாங்காமல் அணையும் கணினி பொதுவாக அணைந்தபடியே கிடக்கும். மின்சாரம் ஒரு கணம் தொய்ந்து திரும்பினால் இப்படி உடனே எழும்.

மூன்று நேரங்களையும் வாசித்துக் காட்டியபோது அலுவலகப் பெண் ஒருவர், “சார், அந்த மூணு தடவையும் கரண்ட் போச்சே” என்றார். ஆனால் விளக்கு அணையவில்லை, மின்விசிறி நிற்கவில்லை. இன்வெர்ட்டர் இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மின்வாரிய மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கணினியின் எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் தேக்கியதைக் கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள ஒன்று 16 மில்லி விநாடி அளவுக்குத் தாங்கும். பழசானால் இன்னும் குறையும். பல இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது. யுபிஎஸ் நிலையில் வைத்தால் மாற்றம் வேகமாக நடக்கும். சாதாரண நிலையில் வைத்தால் மாற்றம் மெதுவாகும்; விளக்குக்கு அது போதும், கணினிக்குப் போதாது. இங்கே சுவிட்ச் சாதாரண நிலையில் இருந்தது.

ஊகத்தைச் சோதிக்க விண்டோஸுக்குள் போகவே இல்லை. கணினியை பயாஸ் திரையில் நிறுத்தினோம். அங்கே ஹார்ட் டிஸ்கில் எதுவும் எழுதப்படாது, கோப்பு கெடும் பயமில்லை. இன்வெர்ட்டருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தியதும் கணினி ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸே ஓடாத நேரத்தில் விழுந்த கணினிக்கு விண்டோஸை ஃபார்மெட் செய்து என்ன பயன்? சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி நிறுத்தினோம். பயாஸ் திரை அசையவில்லை. சுமை ஏறிய நேரத்திலும் தாங்குகிறதா என்று பிறகு விண்டோஸில் வேலை ஓடும்போதும் ஒரு முறை பார்த்துக்கொண்டோம்.

நான்காவது பதிவை இந்தக் கணக்கில் சேர்த்திருந்தால் தவறாகியிருக்கும். அதில் BugcheckCode 159. இங்கே எண் நம் வழக்கப்படி பத்தின் அடிப்படையில் இருக்கும். நீலத்திரைக் குறிகளோ பதினாறின் அடிப்படையில். கால்குலேட்டரை புரோகிராமர் முறைக்கு மாற்றி 159-ஐப் போட்டால் 9F வரும். 0x9F என்பது DRIVER_POWER_STATE_FAILURE: தூங்கப்போகும்போதோ விழிக்கும்போதோ ஏதோ ஒரு டிரைவர் தன் வேலையை முடிக்காமல் இழுத்தடித்தது. அதற்கு முந்தைய வரி எண் 42, கணினி தூக்கத்துக்குப் போகிறது என்ற பதிவு. கூடவே 1001 என்ற பதிவும் இருந்தது. நினைவகத்தின் படியை எந்தக் கோப்பில் சேமித்தது என்பது அதில் இருக்கும். அந்தக் கோப்பை ஆராய்ந்ததில் வைஃபை டிரைவர் மாட்டியது. புதியதை நிறுவியாயிற்று. இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஐந்தாவதில் PowerButtonTimestamp நீளமான ஓர் எண்ணைக் காட்டியது. யாரோ பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள். கேட்டபோது ஒரு பையன், “பிரிண்ட் குடுத்தேன், ஸ்லோவா இருந்துச்சு” என்றான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கணினி அடியோடு உறைந்துவிட்டால் பொத்தானை அழுத்தியதும் விண்டோஸுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது இரண்டும் பூஜ்யமாகவே நிற்கும், மின்சாரம் போனதற்கும் இதற்கும் பதிவில் வித்தியாசம் தெரியாது. பழுதான ரேமும் ஓவர்க்ளாக் செய்த பிராசஸரும் இந்த வகையில் ஒளிந்துகொள்ளும். இரண்டையும் பிரிக்கும் தகவல் ஒன்றுதான், அது கணினியில் இல்லை: விழுந்த கணத்தில் திரை கறுத்ததா, இல்லை படம் அப்படியே நின்றதா? அந்த அலுவலகத்தில் மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, இனி நடந்தால் நேரத்தையும் இதையும் எழுதிவைக்கச் சொல்லிவிட்டு வந்தோம்.