இடுப்பு வலிக்கு ஒரு குறிப்பேடு

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டித் தருவதில்லை. அதனால் வலி எப்போது ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று நோயாளி சொல்வதை வைத்தே சிகிச்சையின் பெரும்பகுதி நடக்கிறது. ஆனால் வலியைப் பற்றிய நினைவு அவ்வளவு நம்பகமானது அல்ல. போன மாதம் எப்படி இருந்தது என்று கேட்டால், மனம் முப்பது நாளையும் கூட்டிக் கழித்துப் பதில் சொல்வதில்லை. மிக மோசமாக இருந்த ஒரு நாளும், கடைசி ஓரிரு நாளும், கேள்வி கேட்கப்படும் நேரத்தில் இருக்கும் வலியும்தான் அந்தப் பதிலைத் தீர்மானிக்கின்றன. அன்றன்றைக்கு எழுதும் வலிக் குறிப்பேடு இந்தக் குறையைப் போக்குகிறது. ஆனால் அதை எழுதும் முறை சரியாக இருக்க வேண்டும்.

பெரும்பாலோர் செய்வது வலி வந்தால் மட்டும் எழுதுவது. இப்படி நிரம்பும் நோட்டில் கெட்ட நேரங்கள் மட்டுமே இருக்கும். வலி ஏறிய ஐந்து முறையும் அதற்கு முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக அதில் எழுதியிருக்கலாம். ஆனால் வலி இல்லாத நாட்களிலும் அதே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்ததைக் குற்றவாளியாக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண நாளும் நோட்டில் இருந்தாக வேண்டும். ஆகவே குறிப்பேட்டின் முதல் விதி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுதுவது. எழுந்ததும், மதியச் சாப்பாட்டின்போது, மாலை வேலை முடிந்ததும், படுக்கப் போகும்போது என நான்கு வேளை போதும். ஒவ்வொரு வேளைக்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் ஆகும் குறிப்பேட்டை யாரும் தொடர்ந்து எழுதுவதில்லை.

விட்டுப்போனதைப் பிறகு மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பது இதன் பெரிய எதிரி. அமெரிக்காவில் ஆர்தர் ஸ்டோன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் காகிதக் குறிப்பேட்டைக் கொடுத்து, அதன் உறைக்குள் வெளிச்சத்தை உணரும் கருவி ஒன்றையும் வைத்திருந்தார்கள். எந்த நேரத்தில் நோட்டு திறக்கப்பட்டது என்பது அதில் பதிவாகிவிடும். 90 சதவீதம் குறிப்புகளைச் சரியான நேரத்தில் எழுதியதாக நோட்டு சொன்னது. உண்மையில் நேரத்துக்கு எழுதப்பட்டவை 11 சதவீதம்தான். அதனால் விட்டுப்போன கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்வதே நல்லது. காலியாக விட்ட கட்டம் தரும் தகவல், ஊகித்து எழுதிய எண் தரும் தகவலைவிட நேர்மையானது. கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

வலியின் அளவை 0 முதல் 10 வரையுள்ள எண்ணால் குறிப்பது வழக்கம். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் நினைத்துப் பார்க்க முடிந்த அளவில் மிகக் கடுமையான வலி. இடையில் உள்ள எண்களுக்கு அவரவர் வாழ்க்கையிலிருந்து பொருள் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால், முதல் வாரத்து 5-க்கும் மூன்றாம் வாரத்து 5-க்கும் சம்பந்தம் இல்லாமல் போகும். நோட்டின் முதல் பக்கத்தில், 3 என்றால் வேலையில் மூழ்கினால் மறந்துபோகும் வலி, 5 என்றால் வேலை நடக்கும் ஆனால் கவனம் வலியிலேயே இருக்கும், 7 என்றால் வேலையை விட்டுவிட்டுப் படுத்தாக வேண்டும் என்பதுபோல எழுதி வைக்கலாம். இடுப்பு வலிக்கு ஓர் எண், காலுக்கு இறங்கும் வலிக்குத் தனியாக ஓர் எண். இரண்டும் வேறு வேறு காரணத்தால் வரக்கூடியவை என்பதால் ஒன்றாகக் கலக்கக் கூடாது. முந்தைய எண்ணைப் பார்த்துவிட்டு எழுதினால் கை தானாகவே அதையொட்டிப் போகும் என்பதால், எழுதி முடித்த பகுதியை மடித்து மறைத்துவிடுவது நல்ல பழக்கம்.

அன்றாட வேலைகளை எழுதும் முறைக்கு வழிகாட்டியவர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வில்பர்ட் ஃபோர்டைஸ். அவருடைய முறையில் உட்கார்ந்திருந்த நேரம், நின்ற அல்லது நடந்த நேரம், படுத்திருந்த நேரம் ஆகிய மூன்றும்தான் அடிப்படை. இன்ன வேலை செய்தேன் என்று கதையாக எழுதுவதைவிட இது பயனுள்ளது. இதோடு, வழக்கத்துக்கு மாறாகச் செய்தது ஏதாவது இருந்தால் ஒரே வரியில் குறித்தால் போதும்: கனமான சுமை, நீண்ட பயணம், குனிந்தபடி செய்த வேலை, தூக்கம் கெட்ட இரவு, வீட்டில் நடந்த சண்டை. எவ்வளவு நேரம் என்பதை நிமிடத்தில் எழுத வேண்டும். “ரொம்ப நேரம் குனிந்தேன்” என்பதை வைத்து எதையும் கணக்கிட முடியாது.

வலியைத் தூண்டியது எது என்று நோயாளியே தீர்ப்பு எழுதும் கட்டம் குறிப்பேட்டில் இருக்கக் கூடாது. பல பழைய படிவங்களில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஏற்கெனவே மனதில் இருக்கும் சந்தேகம்தான் திரும்பத் திரும்ப வந்து விழும். நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதிவிட்டு, காரணத்தை இரண்டு வாரம் கழித்துத் தேடுவதே சரி. அப்படித் தேடும்போது வலி ஏறிய நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தையும் பார்க்க வேண்டும். உடலை வருத்திய வேலையின் விளைவு பலருக்கு அடுத்த நாள் காலையில்தான் தெரியும்.

மருந்துக்கான கட்டத்தில் நான்கு தகவல்கள் தேவை: மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், விழுங்கிய நேரம், விழுங்கும்போது இருந்த வலியின் எண். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு எண். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்குவதால், இரண்டு மணி நேரத்தில் பலன் தெரிந்துவிடும். அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் போலத் தினமும் சாப்பிடும் மருந்துகளை இப்படி அளக்க முடியாது. அவற்றின் பலன் வாரக்கணக்கில்தான் தெரியும். வாரச் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும். நெஞ்செரிச்சல், கறுப்பாகப் போகும் மலம், பகல் தூக்கம் போன்ற பக்கவிளைவுகளையும் இங்கேயே எழுத வேண்டும். நம் மருந்துக்கடைகளில் அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரைகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. அதைச் சாப்பிடுகிறவர் காய்ச்சலுக்கென்று தனியாகவும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டால், அளவு இரட்டிப்பாவது அவருக்கே தெரியாது. அட்டையைப் பார்த்து உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதினால் இது உடனே கண்ணில் படும்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் 46 வயதுப் பெண் ஒருவரின் குறிப்பேட்டை உதாரணமாகக் கற்பனை செய்யலாம். தையல் மெஷின் முன் நாள் முழுக்க உட்கார்வதால்தான் இடுப்பு வலி என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அவருடைய ஒரு நாள் பதிவு இப்படி இருக்கும்: “திங்கள். காலை 8. மதியம் 6. மாலை 6. இரவு 4. உட்கார்ந்தது 8 மணி, நின்றது 3 மணி, படுத்தது 7 மணி. 7.30-க்கு மாத்திரை.” இரண்டு வாரம் முடிந்து காலை எண்களை வரிசையாக வைத்தால், இரண்டு திங்கட்கிழமைகளிலும் 7, 8 என்றும், மற்ற நாட்களில் 4 அல்லது 5 என்றும் இருக்கிறது. மெஷினில் உட்காராத ஒரே நாளான ஞாயிற்றுக்கு மறுநாள்தான் வலி உச்சம். ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில், வீட்டில் நான்கு பேரின் ஒரு வாரத் துணியைத் துவைகல்லில் இரண்டு மணி நேரம் விடாமல் குனிந்து துவைத்ததாக இருக்கிறது. புதன்கிழமை 25 நிமிடம் துவைத்த மறுநாள் காலை வலி 4-தான், ஏறவில்லை.

இதிலிருந்து துவைப்பதையே விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்கு வரக் கூடாது. தாங்கிய அளவில் 80 சதவீதத்திலிருந்து தொடங்குவது இயன்முறை மருத்துவர்கள் கையாளும் ஒரு வழி. 25 நிமிடத்தில் அது 20 நிமிடம். வாரத்தில் பல நாளாகப் பிரித்து 20 நிமிடம் துவைத்து, மறுநாள் காலை எண் ஏறாவிட்டால் மெல்ல நேரத்தைக் கூட்டலாம்.

மாத்திரைக் கணக்கு இன்னும் வியப்பானது. மாலை வலி 6 ஆக இருந்து மாத்திரை சாப்பிட்ட ஐந்து நாட்களிலும் இரவு எண் 4. ஆக மாத்திரை கேட்கிறது என்றே தோன்றும். ஆனால் மாத்திரை தீர்ந்துபோயிருந்த நான்கு நாட்களிலும் மாலை 6, இரவு 4. வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்ததிலேயே அந்தக் குறைவு வந்துவிடுகிறது. மாத்திரை இல்லாத நாளிலும் நான்கு வேளையும் எழுதியதால்தான் இது தெரிந்தது. ஒன்பது நாள் கணக்கு ஒரு மருந்தைப் பயனற்றது என்று நிரூபித்துவிடாது. ஆனாலும் மருத்துவரிடம் வைக்க இது ஒரு நல்ல கேள்வி. எண்ணில் ஒன்று கூடுவதையும் குறைவதையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டு எண் அளவுக்கோ, ஏறக்குறைய 30 சதவீதமோ மாறினால்தான் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நேர வரிசை வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு இருக்கிறது, நடமாடினால் குறைகிறது என்று குறிப்பேடு திரும்பத் திரும்பச் சொன்னால், அதுவும் 40 வயதுக்கு முன் தொடங்கிய வலியாக இருந்தால், முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடந்தால் காலில் வலி வந்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விட்டுவிடுகிறது என்றால், நரம்புப் பாதை குறுகியிருப்பது காரணமாக இருக்கலாம்.

குறிப்பேட்டுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. வலியையே கவனித்துக்கொண்டிருந்தால் வலி பெரிதாகத் தெரியும். புதிதாக இடுப்பு பிடித்துக்கொண்டவர்களிடம் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் ஃபெராரி நடத்திய ஒரு சிறிய ஆய்வில், தினமும் வலிக் குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட மெதுவாகத்தான் குணமடைந்தார்கள். ஆகவே இதைப் புதிய வலிக்குப் பயன்படுத்த வேண்டாம். நாள்பட்ட வலிக்கும் இரண்டு வாரம் எழுதி, நிறுத்திவிட வேண்டும். மருந்தையோ பயிற்சியையோ மாற்றும்போது மறுபடி இரண்டு வாரம் எழுதலாம்.

சில அறிகுறிகள் வந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. சிறுநீர் பிரியாமல் போவது, மலம் அல்லது சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலியையும், காரணமில்லாமல் உடல் மெலிவதோடு சேர்ந்த வலியையும் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் முழு நோட்டையும் நீட்டினால் அதைப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. நான்கு வேளைகளின் சராசரி, மிகக் கெட்ட இரண்டு நாட்கள், அவற்றுக்கு முந்தைய 24 மணி நேரம், ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் இருந்த எண் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். குறிப்பேடு என்ன சொன்னாலும், தினமும் சாப்பிடும் மருந்தை அவரிடம் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.