நியூயார்க் விழிக்கும்போது பதில் தயாராக இருக்க வேண்டும்

வீட்டிலிருந்தே முழுநேரமும் செய்யும் வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு ஒரு பெரிய பயம் உண்டு. நியூயார்க்கில் காலை எட்டு மணிக்குக் கணினியைத் திறக்கிறார். இந்தியாவில் இருப்பவரிடம் முந்தைய நாள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. வேலை நடக்கிறதா, கரண்ட் போய்விட்டதா, ஆளே கழன்றுகொண்டாரா? எதுவும் தெரியவில்லை. அலுவலகமாக இருந்தால் எழுந்துபோய் மேசையை எட்டிப் பார்க்கலாம். இங்கே அந்த வழியில்லை.

விண்ணப்பதாரரைப் பற்றி அவர் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் பின்னால் இந்த மௌனத்தைப் பற்றிய பயம்தான் இருக்கிறது. “நான் சுய ஒழுக்கம் உள்ளவன், தனித்து இயங்கக்கூடியவன்” என்று எழுதினால் அது தீராது. விண்ணப்பிக்கும் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். தீர்ப்பது சரிபார்க்கக்கூடிய விவரம் மட்டுமே.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். திருநெல்வேலியில் இருக்கும் மலர்விழி என்ற பெண், நியூயார்க் நேரத்தில் இயங்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் நான்கு மணி நேரமாவது நியூயார்க் அலுவலக நேரத்தோடு சேர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

இந்தியாவில் ஆண்டு முழுவதும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு அன்று திரும்பப் பின்னே வைக்கிறார்கள். அதனால் நியூயார்க்குக்கும் நமக்கும் உள்ள இடைவெளி கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அவர்களுடைய காலை 9 முதல் பகல் 1 வரை என்பது, கோடையில் நமக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. குளிர்காலத்தில் அது இரவு 7.30 முதல் 11.30 வரை.

“எந்த நேரமும் வேலை செய்யத் தயார்” என்று எழுதினால் சாதகம் என்று பலர் நினைக்கிறார்கள். அனுபவமுள்ள மேலாளருக்கு அது எச்சரிக்கை மணி. இந்த ஆள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, மூன்றாம் மாதம் சோர்ந்து விலகிவிடுவார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். மலர்விழி எழுத வேண்டியது இதுதான்: “கோடையில் இந்திய நேரம் மதியம் 2 முதல் இரவு 10.30 வரையும், நவம்பரில் உங்கள் கடிகாரம் மாறிய பிறகு 3 முதல் 11.30 வரையும் வேலை செய்வேன்; நடுவே அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. உங்கள் காலை 9 முதல் பகல் 1 வரை எப்போதும் இருப்பேன். இந்திய நேரம் இரவு 11.30-க்கு மேல் கூட்டங்களில் கலந்துகொள்ள இயலாது. அவசரத்துக்கு மட்டும் அழைக்கலாம்.” முடியாததையும் சேர்த்துச் சொல்லியிருப்பதால்தான் முடியும் என்று சொன்னது நம்பும்படி இருக்கிறது.

நேர்காணலுக்கு நேரம் குறிப்பதிலேயே பரீட்சை தொடங்கிவிடுகிறது. “செவ்வாய் 10 மணி கிழக்கு நேரம்” என்று கடிதம் வந்தால் “சரி” என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடாதீர்கள். “ஜூன் மாதச் செவ்வாய், நியூயார்க் காலை 10 மணி, இந்திய நேரம் இரவு 7.30” என்று இரண்டையும் எழுதுங்கள். IST என்ற மூன்றெழுத்தை நம்ப வேண்டாம். இஸ்ரேலும் அயர்லாந்தும்கூட அதையே பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் மேற்குக் கரை என்றால் கிழமையையும் கவனிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் கோடைத் திங்கள் மாலை 4 மணி என்பது நமக்குச் செவ்வாய் அதிகாலை 4.30. இந்த இடத்தில் நேர்காணலை எளிதில் தவறவிட்டுவிடலாம்.

அடுத்தது சுய ஒழுக்கம். அதிகாலை எழுவதையும் போனைத் தள்ளி வைப்பதையும் யாரும் தூரத்திலிருந்து பார்க்க முடியாது. தூரத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது நீங்கள் எழுதுவது மட்டுமே. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், நேர்காணலை எழுத்து உரையாடலாகவே நடத்தியும், சம்பளம் தந்து ஒரு சிறு சோதனை வேலை கொடுத்தும் ஆள் எடுத்து வந்திருக்கிறது. காரணம் எளிது. பின்னால் வேலை எப்படி நடக்கப்போகிறதோ, தேர்வும் அப்படியே நடக்கிறது.

சோதனை வேலையில் மலர்விழிக்கு ஒரு சிக்கல் வருகிறது. வாடிக்கையாளர் ஒருவரின் பில்லில் வரி இரண்டு முறை சேர்ந்திருக்கிறது. “பில்லில் ஏதோ பிரச்சினை, கொஞ்சம் பார்க்க முடியுமா?” என்று அவர் இந்திய நேரம் இரவு பதினொரு மணிக்கு எழுதிவிட்டுப் படுத்தால் என்ன நடக்கும்? மேலாளர் “எந்த பில்?” என்று கேட்பார். அதற்கு மறுநாள் மதியம் பதில் போகும். அவர் அதைப் பார்க்க அன்று மாலையாகும். ஒரு வரிக் கேள்வியில் ஒரு நாள் முழுசாகப் போய்விட்டது.

அதே செய்தியை இப்படி எழுதலாம்: “இந்த வாடிக்கையாளரின் மே மாத பில்லில் வரி இருமுறை சேர்ந்திருக்கிறது, படம் இணைத்துள்ளேன். வேறு இரண்டு கணக்குகளில் சோதித்தேன், அவை சரியாக உள்ளன. பணத்தைத் திருப்புவதா, திருத்திய பில் அனுப்பி அடுத்த மாதம் கழிப்பதா? நான் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் பதில் வராவிட்டால், இந்திய நேரம் நாளை மதியம் 3 மணிக்குத் திருத்திய பில்லை மட்டும் அனுப்புவேன். பணத்தைத் தொட மாட்டேன்.” இதற்கு “சரி” என்ற ஒரே சொல் போதும். அதுகூட வராவிட்டாலும் வேலை நகர்ந்துகொண்டிருக்கும். எதுவரை தானே முடிவெடுக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்று இவருக்குத் தெரியும் என்பதும் அதில் விளங்கிவிடுகிறது. என் பார்வையில், சுய ஒழுக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

தூரத்து வேலையில் முன் அனுபவம் இல்லாதவர்கள் இப்படிப்பட்ட குறிப்புகளைச் சேர்த்து வைக்கலாம். இப்போதைய வேலையிலோ, கல்லூரித் திட்டத்திலோ, தன்னார்வப் பணியிலோ ஒவ்வொரு நாள் முடிவிலும் நாலு வரி: முடிந்தது என்ன, தடைபட்டது எங்கே, நாளை முதல் வேலை எது. வாடிக்கையாளர் பெயரையும் நிறுவன ரகசியங்களையும் நீக்கிவிட்டு, தேதியோடு இரண்டு பக்கம் காட்டினால் போதும்.

மூன்றாவது, வீட்டு ஏற்பாடு. மேசை, நாற்காலி, முகத்தில் விழும் வெளிச்சம் பற்றியெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள். நம் ஊரில் வேலை நிற்பது கரண்டாலும் இணையத்தாலும்தான்.

மலர்விழி வீட்டில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. பெருக்கினால் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும், பேட்டரியை ஒட்ட உறிஞ்சக் கூடாது என்பதையும் கழித்தால் பாதி, அதாவது 900 என்று வைப்பது பத்திரம். லேப்டாப் 60 வாட், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் 20, சீலிங் ஃபேன் 75, எல்.இ.டி. ட்யூப்லைட் 20. மொத்தம் 175. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் பெரும்பாலும் பகலில், காலை 9 மணிவாக்கில் தொடங்கும்; அது முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று காலையிலிருந்தே வீட்டு ஃபேன்கள் எல்லாம் பேட்டரியில் சுற்றினால், மதியம் இரண்டு மணிக்கு வேலை தொடங்கும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு நாள் மட்டும் வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணநேரத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி துவங்கினால், வீடியோ கூட்டம் சில நிமிடங்கள் அறுந்துவிடும். பல இன்வெர்ட்டர்களில் ‘யூ.பி.எஸ்.’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாற்றம் வேகமாக நடக்கும். அப்படியும் அணைந்தால் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யூ.பி.எஸ். வாங்கலாம்.

உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் இணையம் வராமல் போவதுண்டு. தெருவுக்கு இணைப்பு தரும் கேபிள்காரரின் கருவிக்குக் கரண்ட் இல்லாததே பல நேரம் காரணம். அதனால் இரண்டாவது இணைப்பும் அவர் வழியாகவே வருமானால் பயனில்லை. வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவே சரியான மாற்று. வேகத்தைவிட முக்கியம், இணைப்பு தடுமாறாமல் இருப்பது. விண்டோஸில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
ping -n 200 8.8.8.8
```

கடைசியில் வரும் கணக்கில் Lost பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். Average 20, Maximum 400 என்று வந்தால் உங்கள் குரல் எதிர்முனையில் வெட்டி வெட்டிக் கேட்கும். ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் கேபிள் போட்டு மறுபடி ஓட்டுங்கள். எண்கள் சீரானால் குறை வைஃபையில். சீராகாவிட்டால் வெளியே இருந்து வரும் இணைப்பில்.

இதைக் காலையில் சோதிப்பது வீண். நியூயார்க்கோடு சேர்ந்து வேலை செய்யும் நேரம், நம் வீடுகளில் டி.வி. ஓடி, எல்லோரும் போனில் படம் பார்க்கும் நேரம். இரவு 8 மணிக்குச் சோதித்தால்தான் உண்மை தெரியும். நவம்பரில் நேரம் இன்னும் ஒரு மணி தள்ளிப் போகிறது; வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் கொட்டுகிறது. ஆண்டின் மிகக் கடினமான மாதம் அதுவே என்று கணக்கில் வையுங்கள்.

நேர்காணலில் “இணையம் போனால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் மலர்விழியிடம் இப்போது பதில் இருக்கிறது. “மொபைல் இணைப்புக்கு உடனே மாறுவேன். அதுவும் போனால் பத்து நிமிடத்துக்குள் உங்களுக்குக் குறுஞ்செய்தி வரும். மழைக்காலத்தில் வேலை செய்ய நகரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் பேசி வைத்திருக்கிறேன்.” இதில் எதுவும் நடக்கவே நடக்காது என்று அவர் சொல்லவில்லை. நடந்தால் மௌனம் இருக்காது என்று சொல்கிறார்.

விளம்பரத்தில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். பிறகு வீட்டில் இருப்பவர்களிடம் பேசுங்கள். இரவு பதினொன்றரை வரை கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டு முழுவதும் உட்கார முடியாது என்று தெரிந்தால், நியூயார்க்கை விட்டுவிட்டு ஐரோப்பிய நிறுவனங்களைத் தேடுங்கள். பெர்லினின் காலை 9 முதல் மாலை 5 என்பது கோடையில் நமக்கு மதியம் 12.30 முதல் இரவு 8.30 வரை, குளிர்காலத்தில் 1.30 முதல் 9.30 வரை.