அபிஷேகம் செய்யலாமா என்பதை ஐந்தாவது ஸ்லைடு சொல்லட்டும்

தென்பெண்ணைக் கரையில் இருக்கும் மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் வட்டத்தைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தத் தொழில் நடக்கும் பகுதிகளாகக் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் ஆகிய மூன்று வட்டங்கள் குறிப்பிடப்பட்டன. இந்த வட்டாரத்துப் பிள்ளையார் சிற்பத்தைக் கடையில் வாங்க வருகிறவர் முதலில் அதைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். பிறகு திருப்பி முதுகையும் அடிப்பாகத்தையும் பார்ப்பார். விரல் முட்டியால் தட்டுவார். கடைசியில், “தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலைப் பேச்சு.

அதே பிள்ளையாரைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர் கைப்பேசியில் பார்க்கும்போது தூக்கவும் தட்டவும் வழியில்லை. அவரிடம் இருப்பது ஒரு விரலும் அது தள்ளும் படவரிசையும்தான். கேரசல் என்று சொல்லப்படும் இந்த வரிசையை இன்ஸ்டாகிராம் 2017 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்போது பத்துப் படம் வரை போடலாம். 2024இல் அது இருபதானது. கடையில் கை செய்த வேலையை இங்கே ஒவ்வொரு ஸ்லைடும் அதன் சொற்களும் செய்தாக வேண்டும். எந்தச் சொல்லை எங்கே வைத்தால் அது நடக்கும் என்பதற்குக் கற்றல் அறிவியலில் நல்ல விடைகள் இருக்கின்றன. பொருள் விற்பதற்காகக் கண்டறிந்தவை அல்ல அவை. வடிவியலும் மின்னலும் மாணவர்களுக்கு எப்படிப் புரிகின்றன என்று ஆராய்ந்தவர்கள் கண்டவை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோஹானி தர்மிசியும் ஜான் ஸ்வெல்லரும் 1988இல் வடிவியல் கணக்குகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். படம் ஓரிடத்திலும் அதன் விளக்கம் கீழே தனியாகவும் இருந்தபோது, தீர்த்துக் காட்டிய கணக்கு மாணவர்களுக்குப் பெரிதாக உதவவில்லை. “கோணம் அ” என்று கீழே படித்ததை நினைவில் பிடித்துக்கொண்டு, மேலே போய் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே மனத்தின் சக்தி கரைந்துவிட்டது. அதே விளக்கத்தை உரிய கோணத்தின் அருகிலேயே எழுதியபோது மாணவர்கள் விரைவாகப் புரிந்துகொண்டார்கள். கவனம் இரண்டாகப் பிளவுபடுவதால் வரும் இழப்பு இது.

இன்ஸ்டாகிராம் கேரசலில் இந்தப் பிளவு அமைப்பிலேயே இருக்கிறது. படங்கள் எத்தனை இருந்தாலும் கீழே வரும் கேப்ஷன் ஒன்றுதான். ஸ்லைடு மாறினாலும் அது மாறாது. அந்தக் கேப்ஷனில் “மூன்றாவது படத்தில் துதிக்கையின் செதுக்கு வேலையைக் கவனியுங்கள்” என்று எழுதினால், படிப்பவர் கேப்ஷனை விரித்துப் படித்து, மேலே திரும்பி, மூன்றாம் படத்தைத் தேடி, துதிக்கையில் எந்த இடம் என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலோர் பாதி வழியிலேயே விலகிவிடுவார்கள். ஒரு பொருளின் குறிப்பிட்ட பகுதியைப் பற்றிய சொல், அந்தப் பகுதியைக் காட்டும் படத்தின் மேலேயே, அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரக் கேரசல்களில் ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தலைப்பு தரும் வசதி உண்டு. சாதாரணப் பதிவில் அது இல்லாததால் படத்தின் மேலேதான் எழுதியாக வேண்டும்.

அதற்காக எல்லாப் படத்திலும் எழுதிக் குவிப்பதும் கெடுதலே. 1991இல் பால் சாண்ட்லரும் ஸ்வெல்லரும் இதயத்தில் இரத்தம் ஓடும் வழியைக் காட்டும் படத்தை வைத்துச் சோதித்தார்கள். அந்தப் படம் தன்னளவிலேயே புரியக்கூடியது. அதில் காண்பதையே மறுபடி சொற்களிலும் எழுதிச் சேர்த்தபோது கற்றல் குறைந்தது. கண்ணுக்கு நேரே தெரிவதை எழுத்தாகவும் படிக்க வைப்பது மனத்துக்கு வெறும் சுமை. மகுடத்தின் நெருக்கக் காட்சியில் “நுணுக்கமான வேலைப்பாடு” என்று எழுதுவது அப்படிப்பட்டதுதான். நுணுக்கம் தெரிகிறது. தெரியாதது, அந்த மகுடம் தனியாகச் செய்து ஒட்டியதா, ஒரே கட்டையிலிருந்து குடைந்ததா என்பது. படத்தால் சொல்ல முடியாததைச் சொல்வதற்காகத்தான் எழுத்து.

இனி ஓர் அடி உயர வாகைமரப் பிள்ளையாரை எடுத்துக்கொண்டு ஆறு ஸ்லைடுகளாக வைத்துப் பார்க்கலாம். இது நானே எடுத்துக்கொண்ட மாதிரி.

முதல் ஸ்லைடில் முழு உருவம், முன்புறம். அதன் மேல் “வாகை மரம். ஓர் அடி உயரம்.” என்ற ஐந்து சொல் போதும். “பாரம்பரியத்தின் பெருமை” போன்ற வாசகம் எந்த ஊர் எந்தப் பொருளுக்கும் பொருந்தும் என்பதால், பார்ப்பவர் மனத்தில் அடுத்த கேள்வியை அது எழுப்பாது. ஓர் அடி என்று படித்ததும், “நம்ம பூஜை அலமாரியில நிக்குமா?” என்ற யோசனை தானாக வரும். விரல் தள்ளுவது அந்த யோசனையால்தான்.

ஆகவே இரண்டாவது ஸ்லைடு அளவு. பிள்ளையார் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு. உயரம் 30 செ.மீ., அகலம் 18, ஆழம் 12 என்று அந்தந்தப் பக்கத்தை ஒட்டியே எழுதியிருக்க வேண்டும். இந்த ஸ்லைடு தனித்து நிற்கவும் வேண்டும். முதல் படத்தைப் பார்த்துத் தள்ளாமல் போனவருக்கு, இன்ஸ்டாகிராம் அதே பதிவைப் பிறகொரு முறை இரண்டாவது படத்திலிருந்தே காட்டுவதுண்டு. அங்கே “அதுமட்டுமல்ல...” என்று தொடங்கியிருந்தால் அவருக்கு ஒன்றும் புரியாது.

மூன்றாவது, துதிக்கைக்கும் மார்புக்கும் இடையே உள்ள இடைவெளியின் நெருக்கக் காட்சி. ஒரு சிறு அம்புக்குறி, “ஒரே கட்டை. ஒட்டு இல்லை.” உண்மை அப்படி இருந்தால் மட்டும். நான்காவது, முதுகும் அடிப்பாகமும். கடையில் திருப்பிப் பார்த்த கைக்கு ஈடு இதுதான். மரத்தில் முடிச்சு இருந்தால் அதையும் காட்டி, “இது மரத்தின் முடிச்சு, விரிசல் அல்ல” என்று எழுதிவிட வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஸ்லைடு இது. பார்சலைப் பிரித்ததும் வரும் சண்டைகள் இங்கேதான் முளைக்கின்றன.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. “அபிஷேகம் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.” இதற்குக் காரணம் மரத்தின் உடலமைப்பில் இருக்கிறது. ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. இழை ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். குறுக்கே பல மடங்கு அதிகம். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடிக்கடி நனைந்து காயும் சிற்பத்துக்குள் இந்த வேறுபாடு இழுபறியாகி விரிசலாக வெளிவரும். இவ்வளவையும் ஸ்லைடில் எழுத இடமில்லை, தேவையும் இல்லை. “நனைந்து காய்ந்தால் இழையோடு விரிசல் விடும்” என்ற ஒரு வரியும், இழை ஓடும் திசையைக் காட்டும் ஒரு கோடும் போதும். காரணம் தெரிந்தவர் கட்டளையை மறக்க மாட்டார்.

ஆறாவதில் எப்படி வாங்குவது, எத்தனை நாளில் வரும்.

இப்படித் துண்டு துண்டாகத் தருவதில் ஏதாவது பயன் உண்டா, எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். ரிச்சர்ட் மேயரும் சாண்ட்லரும் 2001இல் மின்னல் உருவாகும் விதத்தைக் குரலோடு கூடிய அசைவுப் படமாகக் காட்டினார்கள். சிலருக்கு அது நிற்காமல் ஓடியது. மற்றவர்களுக்கு 16 துண்டுகளாக வந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவர்களே பொத்தானை அழுத்த வேண்டும். செய்தி ஒன்றுதான். ஆனால் துண்டுகளாகப் பார்த்தவர்கள், கற்றதைப் புதிய கேள்விகளில் பயன்படுத்துவதில் முந்தினார்கள். ஒன்றை மனத்தில் அடுக்கி முடித்த பிறகு அடுத்ததை வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. கேரசலில் விரல் தள்ளுவதும் அந்தப் பொத்தான்தான். ஒரு ஸ்லைடில் அளவு, மரம், பராமரிப்பு மூன்றையும் திணித்தால் அந்த உரிமை பறிபோகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாகச் சில சிக்கல்கள் உண்டு. கைப்பேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ.; படத்தின் அகலம் 1080 புள்ளி. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 15 புள்ளி. கணினியின் பெரிய திரையில் 24 புள்ளி உயரத்தில் எழுதியது அழகாகத் தெரியும். கைப்பேசியில் அது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். அந்த உயரத்துக்குள்தான் மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே உகரச் சுழியும் அடங்க வேண்டும். 48 புள்ளிக்குக் குறையாமல் எழுதி, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டால்தான் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளாது. சில வடிவமைப்புச் செயலிகளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்தைவிட்டுத் தனியே பிரிந்து நிற்கும். படமாகச் சேமித்த பிறகு கைப்பேசியில் ஒருமுறை படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு மாற்று இல்லை.

கேப்ஷனில் எண்ணிக்கைச் சிக்கல். இன்ஸ்டாகிராம் அனுமதிப்பது 2,200 குறியீடுகள். “கள்ளக்குறிச்சி” என்ற சொல் நமக்கு எட்டு எழுத்து. யுனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணினிக்கு அது 14. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் அளவை நம்பினால் தமிழில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். விரிக்காமல் தெரிவதும் முதல் ஓரிரு வரிதான். “அன்பு வாடிக்கையாளர்களே வணக்கம்” என்று தொடங்கினால் அந்த இடம் அதிலேயே போய்விடும்.

படத்தின் மேல் எழுதிய எழுத்தைத் திரைவாசிப்பானால் எப்போதும் சரியாக எடுத்துப் படிக்க முடியாது. பார்வையற்ற ஒருவருக்கு நம் ஆறு ஸ்லைடும் ஆறு வெறும் படங்களாகவே நின்றுவிடலாம். 2018 முதல் ஒவ்வொரு படத்துக்கும் மாற்று விளக்கம் எழுத இன்ஸ்டாகிராமில் வசதி இருக்கிறது. ஸ்லைடின் வாசகத்தையும் படத்தில் இருப்பதையும் சேர்த்து இரண்டு வரி அங்கே எழுதினால், வரிசை அவருக்கும் நடக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று அறிய விருப்பக்குறிகளை எண்ண வேண்டாம். மரவேலை தெரியாத உறவினர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, அவர் வேகத்தில் தள்ளிப் பார்க்கச் சொல்லி, திரும்ப வாங்கிக்கொண்டு கேட்கலாம்: எவ்வளவு உயரம், என்ன மரம், நனைக்கலாமா? அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த ஸ்லைடில் பிழை. இன்னொரு சோதனை, மூன்றையும் ஐந்தையும் இடம் மாற்றிக் காட்டுவது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், நாம் வைத்தது வழி அல்ல, வெறும் ஆல்பம்.

பதிவு வெளியான பிறகு கேப்ஷனைத் திருத்தலாம். படத்தின் மேல் பொறித்ததைத் திருத்த முடியாது. ஆகவே மாறாத மரமும் அளவும் பராமரிப்பும் ஸ்லைடுகளில் இருக்கட்டும். விலை, கையிருப்பு, அனுப்பும் கட்டணம் ஆகியவை கேப்ஷனில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து யாரோ பகிர்ந்து வந்த ஸ்லைடில் பழைய விலையைப் பார்த்துவிட்டு ஒருவர் போன் செய்யும்போது, சிற்பியிடம் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.