மேல் முட்டுக்குத்தான் முதல் சுமை

மணற்பாங்கான இடத்தில் 10 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுகிறார்கள். இருபுறமும் எஃகுத் தகட்டுச் சுவர். அவை உள்ளே சாயாமலிருக்க எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 2, 5, 8 மீட்டர் ஆழங்களில் எஃகுக் குழாய்களைக் குறுக்கே முட்டுக் கொடுக்கிறார்கள். தளத்தில் இவற்றை ஸ்ட்ரட் என்பார்கள். மூன்றில் எதற்குச் சுமை அதிகம்?

ஆழம் கூடக்கூட மண்ணின் அழுத்தமும் கூடும், ஆகவே கீழ் முட்டுக்குத்தான் என்று தோன்றும். பாடப்புத்தகத்து முக்கோண வரைபடமும் அதையே சொல்கிறது. ஆனால் குழி ஒரே நாளில் முழுதாக வெட்டப்படுவதில்லை. மேலே கொஞ்சம் தோண்டியதும் முதல் முட்டு இறுகிவிடுகிறது. சுவரின் தலை அதன்பின் அசைய முடியாது. அடுத்த முட்டு போடும் ஆழம்வரை தோண்டுவதற்குள் கீழ்ப்பகுதிச் சுவர் உள்ளே சற்று வளைந்துவிடுகிறது. நகர்ந்த இடத்தில் மண்ணின் நெருக்கல் தளர்கிறது. அந்தப் பளு நகராமல் நிற்கும் மேல்பகுதிக்கு மாறுகிறது.

இது கணக்கில் பிடிபட்ட விஷயமல்ல, அளந்து தெரிந்தது. பெர்லின் சுரங்க ரயில் பள்ளங்களில் மணலிலும், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிகாகோ சுரங்க ரயில் பள்ளங்களில் களிமண்ணிலும் முட்டுச் சுமைகளை அளந்தார்கள். சிகாகோ வேலையைக் கவனித்தவர் கார்ல் டெர்சாகியின் சீடர் ரால்ஃப் பெக். ஒரே பள்ளத்தில், ஒரே மட்டத்தில் இருந்த முட்டுகளே ஆளுக்கொரு சுமை காட்டின. சராசரியை நம்பி வடிவமைத்தால் அதிகச் சுமை வாங்கும் முட்டு மடங்கிவிடும். எனவே ஒவ்வொரு முட்டின் சுமையையும் அது தாங்கும் சுவர்ப்பரப்பால் வகுத்து அழுத்தமாக மாற்றினார்கள். எல்லா அளவீடுகளையும் உள்ளடக்கும்படி வெளிக்கோடு ஒன்று போட்டார்கள். இதுதான் 'தோற்ற அழுத்த வரைபடம்'. மண் உண்மையில் இப்படி அழுத்துவதாக அது சொல்லவில்லை. முட்டுக்கு வரக்கூடிய உச்சச் சுமையைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க மட்டுமே அது உதவும்.

மணலுக்கு அந்த வெளிக்கோடு வெறும் செவ்வகம்: மேலிருந்து கீழ்வரை ஒரே அழுத்தம், 0.65 KₐγH. நம் குழியில் மணலின் எடை கன மீட்டருக்கு 1.8 டன், Kₐ மூன்றில் ஒன்று என்றால், சதுர மீட்டருக்கு 3.9 டன் வருகிறது. முட்டுகள் பக்கவாட்டில் 4 மீட்டருக்கு ஒன்று. மேல் முட்டு தரையிலிருந்து 3.5 மீட்டர்வரை தாங்கும்: 3.9 × 3.5 × 4 = 54.6 டன். முக்கோணத்தை நம்பியிருந்தால் இதே முட்டுக்கு 14.7 டன்தான்! நடு முட்டுக்கு 46.8, கீழ் முட்டுக்கு 39 டன். முக்கோணம் கீழ் முட்டுக்கு 46.5 சொல்லும். மேலே ஆபத்தான குறைவு, கீழே வீண் அதிகம்.

நிலத்தடி நீரை வெளியேற்றியிருந்தால்தான் இந்தச் செவ்வகம் செல்லும். சுவருக்கு வெளியே நீர் நின்றால் அதன் அழுத்தத்தைத் தனியே கூட்ட வேண்டும். தரைமேல் நிற்கும் கிரேன், லாரிப் பளுவும் தனிக்கணக்கு. மென்களிமண்ணுக்கு வேறு வரைபடம்.

இனி குழாய். பாதுகாப்புக்காக 54.6-ஐ 1.5-ஆல் பெருக்கினால் சுமார் 82 டன். 273 மி.மீ. விட்டம், 8 மி.மீ. தடிமன் உள்ள குழாயை நசுக்க 166 டன்னுக்கு மேல் வேண்டும்; போதுமென்று தோன்றும். ஆனால் குழியின் அகலம் 12 மீட்டர். அவ்வளவு நீளத்தில் குழாய் நசுங்குவதற்கு வெகுமுன்பே பக்கவாட்டில் வளைந்து மடங்கும். கட்டுமான விதிப்படி அதற்குச் சுமார் 60 டன்தான் அனுமதி. 324 மி.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 95. தேறிவிட்டதா? குழாய் தன் எடையாலேயே சற்றுத் தொய்கிறது, பொக்லைன் வாளி வந்து இடிக்கிறது, சுமை நடுமையத்தில் விழாமல் விலகுகிறது. 406 மி.மீ., 10 மி.மீ. தடிமன் குழாயைத்தான் நான் எடுப்பேன். அதற்கும் ஒரு விலை உண்டு. வெயிலில் 10 டிகிரி சூடேறி, சற்றும் நீள முடியாமல் போனால் அதற்குள் 30 டன் கூடுதல் சுமை எழும். நல்லவேளை, மண் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் நிஜத்தில் அதில் ஒரு பகுதியே வரும்.

குழாய் தாங்கினாலும் அது சுவரைத் தொடும் இடம் தாங்க வேண்டும். 2004 ஏப்ரல் 20-இல் சிங்கப்பூர் நிக்கல் நெடுஞ்சாலையோரம் மெட்ரோவுக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழக் குழி வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதாம் அடுக்கு முட்டுகள் போட்டாயிற்று, பத்தாவது இன்னும் போடவில்லை. முட்டு கிடைமட்ட உத்திரத்தில் வந்து உட்காரும் இணைப்பு பலம் குறைவாக வடிவமைக்கப்பட்டிருந்தது. மண்ணின் வலிமையையும் கணினிக் கணக்கு அதிகமாகக் காட்டியிருந்தது. காலையிலேயே இணைப்புகள் நசுங்கி மடங்குவது கண்ணில் பட்டது. ஒன்பதாம் அடுக்கு விட்டதும் அதன் சுமை எட்டாம் அடுக்குக்கு மாறியது, அதனாலும் முடியவில்லை. பிற்பகலில் நெடுஞ்சாலையும் சரிந்தது, நால்வர் இறந்தனர். ஏதேனும் ஒரு முட்டு போனாலும் மற்றவை தாங்குமா என்று பார்க்கும் கணக்கு அதன்பின் அங்கே ஆழ்குழி வடிவமைப்பில் கட்டாயமானது.